எட்டு பெரிது, எட்டில் ஒன்று ஏன் சிறிது? பின்னமும் எண்கோடும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறேன். பின்னப் பாடம் தொடங்கியதும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தொகுதி என்றால் மேலே உள்ள எண், பகுதி என்றால் கீழே உள்ள எண். பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் அதே சொற்கள்.

பையன் ஐந்தாம் வகுப்பு. 1/5 பெரிதா 1/8 பெரிதா என்று கேட்டால் 1/8 என்கிறான். ஐந்தைவிட எட்டுதானே பெரிது என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். எங்கே தப்புகிறது?

அவன் யோசித்துத்தான் சொல்கிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்கு வருடமாக அவன் பார்த்த எல்லா எண்ணிலும் எட்டு ஐந்தைவிடப் பெரிதாகவே இருந்தது. எட்டு ரூபாய், எட்டு மாங்காய், எட்டு மார்க், எதிலும் அந்த விதி அவனைக் கைவிட்டதில்லை. இப்போது 1/8 என்று எழுதிக் காட்டுகிறோம். அவன் கண்ணுக்கு அது ஒரு எண்ணாகப் படுவதில்லை. ஒரு கோட்டுக்கு மேலே 1, கீழே 8 என்று இரண்டு தனி எண்கள் தெரிகின்றன. இரண்டு பின்னத்திலும் மேலே 1 இருப்பதால் அதை விட்டுவிட்டு, கீழே உள்ளதை ஒப்பிட்டுப் பெரியதைச் சொல்கிறான். தெரிந்த விதியைத் தெரியாத இடத்தில் ஓட்டிப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள கோளாறும் இல்லை இது. 1978ல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 12/13 + 7/8 என்பதற்குத் தோராயமான விடையைக் கேட்டார்கள். 1, 2, 19, 21 ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 12/13 ஏறக்குறைய ஒன்று, 7/8 ஏறக்குறைய ஒன்று, ஆகவே விடை 2. எழுதியவர்கள் 13 வயதுப் பிள்ளைகள். 2 என்று சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21ஐக் குறித்தார்கள். 19 என்பது மேலே உள்ள எண்களின் கூட்டல், 21 கீழே உள்ளவற்றின் கூட்டல். உங்கள் பையனைப் போலவே அவர்களுக்கும் பின்னம் இரண்டு தனி எண்களாகத்தான் தெரிந்தது.

தோசையை வெட்டிக் காட்டினேன். புரிந்தது என்றான். மறுநாள் கேட்டால் பழையபடி 1/8. ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

தோசை தொடக்கத்துக்கு நல்லதுதான். எட்டாக வெட்டினால் துண்டு சிறுக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவான். ஆனால் வெட்டிய தட்டில் அவன் பார்ப்பது துண்டுகளை. துண்டைப் பார்த்ததும் பிள்ளைக்குத் தோன்றுவது எண்ணுவது. ஒரு தட்டில் ஐந்து துண்டு, இன்னொன்றில் எட்டுத் துண்டு, எட்டுள்ள தட்டு நிறைந்து கிடக்கிறது. எதை மறக்க வைக்கப் பார்த்தோமோ அதையே தட்டு மறுபடி நினைவூட்டிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டு தோசையும் ஒரே அளவாக இருந்தால்தான் இந்த ஒப்பீடே செல்லும். அதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: "டீச்சர், பெரிய தோசையில எட்டில ஒண்ணு, சின்ன தோசையில அஞ்சில ஒண்ணைவிடப் பெருசா இருக்கலாம்லா?" சரியான கேள்வி. முழுமை எது என்று கட்டிவைக்காதவரை எந்தப் பின்னத்தையும் ஒப்பிட முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தோசைத் துண்டு துண்டாகவே இருக்கிறது, எண்ணாக மாறுவதில்லை. 1/8 என்பது 0க்கும் 1க்கும் நடுவே ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் எண் என்பதைத் தோசை காட்டாது. 5/4 என்று கேட்டால் ஒரு தோசையில் ஐந்து கால் எப்படி வரும் என்று பிள்ளை முழிக்கும். எண்கோட்டில் அந்த முழி இல்லை. 1ஐத் தாண்டி இன்னும் ஒரு 1/4 தாவினால் 5/4 வந்துவிடும்.

சரி, எண்கோட்டை வீட்டில் எப்படித் தொடங்குவது? என்னென்ன வேண்டும்?

ஒரு சார்ட் பேப்பர், ஒரு தையல் டேப், ஸ்கெட்ச் பேனா, துணி கிளிப் இரண்டு. இவை போதும்.

சார்ட்டின் நீளவாக்கில் நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். எல்லாப் பட்டையும் சரியாக 60 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். 60 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எதனால் வகுத்தாலும் முழு சென்டிமீட்டர் வரும். எட்டால் வகுத்தால் 7.5 வரும், அதையும் டேப்பில் குறிக்கலாம். ஒவ்வொரு பட்டையின் இடது விளிம்பிலும் 0, வலது விளிம்பில் 1 என்று எழுதுங்கள். ஒன்று என்றால் இந்த முழு நீளம் என்பதைப் பிள்ளையின் வாயால் சொல்ல வையுங்கள்.

முதல் பட்டையை இரண்டாக மடித்தால் மடிப்பு 30ல் விழும். அதற்கு 1/2 என்று பெயர் எழுதுங்கள். அடுத்த பட்டையை இரண்டு முறை மடித்தால் நான்கு இடைவெளி, மூன்றாவதை மூன்று முறை மடித்தால் எட்டு இடைவெளி. ஐந்துக்கு மடிப்பு ஒத்து வராது. 60ஐ ஐந்தால் வகுத்து 12, 24, 36, 48 என்று டேப்பால் அளந்து குறிக்கட்டும். மூன்றுக்கும் ஆறுக்கும் அதே போல.

குறித்து முடிந்ததும், 0லிருந்து குறிக்குக் குறி விரலால் தாவி எண்ணச் சொல்லுங்கள்: "ஐந்தில் ஒன்று, ஐந்தில் இரண்டு, ஐந்தில் மூன்று..." ஐந்தில் ஐந்து வரும்போது விரல் 1ல் போய் நிற்க வேண்டும். எட்டாகப் பிரித்த பட்டையிலும் இதையே செய்யட்டும். ஐந்து தாவலில் போன தூரமும் எட்டுத் தாவலில் போன தூரமும் ஒன்றுதான். அப்படியென்றால் எதில் தாவல் குட்டையாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன்பே சில பிள்ளைகள் விடையைச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் பட்டைகளை 2, 3, 4, 5, 6, 8 என்று பாகம் கூடும் வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, 0 எல்லாம் ஒரே நேராக இருக்கும்படி வைத்து இரு பக்கமும் கிளிப் போடுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 0க்கு அடுத்த முதல் குறியை மட்டும் சிவப்பால் வட்டமிடட்டும். 1/2 முப்பதில், 1/3 இருபதில், 1/4 பதினைந்தில், 1/5 பன்னிரண்டில், 1/6 பத்தில், 1/8 ஏழரையில். மேலிருந்து கீழே வரவரச் சிவப்பு வட்டம் இடப்பக்கம் நகர்ந்து 0வை நெருங்கும். "1/10 எங்கே வரும்?" என்று கேளுங்கள். முதலில் விரலை வைத்துக் காட்டட்டும், டேப் பிறகு வரட்டும். 6 செ.மீ. என்று வந்ததும் 1/100 கேளுங்கள். ஆறு மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு பிள்ளையின் சுண்டுவிரல் நகத்தின் அகலம். நூறு என்ற அவ்வளவு பெரிய எண் கீழே நிற்க, வட்டம் 0வை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் பிள்ளை வாயடைத்துப்போகும். அப்போது நாம் ஒன்றும் சொல்லக் கூடாது. பார்க்க விட வேண்டும்.

ஐந்து பாகம் போடு என்றால் நடுவில் ஐந்து கோடு கிழிக்கிறாள். எண்ணிப் பார்த்தால் ஆறு பாகம் வருகிறது.

கோட்டை எண்ணுகிறாள், இடைவெளியை எண்ணவில்லை. எண்கோட்டில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். கண்டுபிடிப்பதும் எளிது: 1/5 என்று அவள் குறித்த இடத்தை அளந்து பாருங்கள். 12ல் இல்லாமல் 10ல் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

நான் இதற்கு, எங்கள் பக்கத்தில் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப் பாலத்தைக் கூப்பிடுவேன். அந்தப் பக்கம் போகாத பிள்ளை எங்கள் வகுப்பில் குறைவு. பள்ளத்தாக்கின் குறுக்கே 28 தூண்கள் வரிசையாகத் தொட்டியைத் தாங்கி நிற்கின்றன. "முதல் தூணிலிருந்து கடைசித் தூண்வரை எத்தனை இடைவெளி மக்களே?" என்று கேட்டால் வகுப்பே 28 என்று கத்தும். சரி, உங்கள் கைவிரல் ஐந்தையும் விரியுங்கள், விரல் தூண், நடுவில் எத்தனை சந்து என்பேன். நாலு. அப்போ 28 தூணுக்கு? 27. இதற்குப் பிறகு பட்டையை எடுத்தால், 0வும் 1ம் இரண்டு ஓரத் தூண்கள் என்று அவர்களே சொல்வார்கள். ஐந்து இடைவெளி வேண்டுமென்றால் மொத்தம் ஆறு தூண், ஓரத்து இரண்டும் ஏற்கெனவே நிற்கின்றன, ஆகவே நடுவில் நாலு.

கோட்டிலேயே 1/8ஐயும் 1/5ஐயும் ஒரே இடத்தில் குறித்துவிட்டு "ரெண்டும் சமம்" என்கிறான். இது என்ன?

இதைப் பார்க்க நேர்ந்தது உங்களுக்கு நல்லதே. பழைய நினைப்பு எண்கோட்டுக்குள்ளும் எப்படி நுழைகிறது என்பது இங்கேதான் தெரியும்.

போன வருடம் என் வகுப்பில் ஒரு பையன் நோட்டில் வரைந்ததை அப்படியே சொல்கிறேன். முதல் கோட்டில் 0 போட்டு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு குறி, ஐந்தாவது குறியில் 1 என்று எழுதினான். அடுத்த கோட்டிலும் அதே போல ஒவ்வொரு சென்டிமீட்டராக எட்டுக் குறி, எட்டாவதில் 1. இரண்டிலும் முதல் குறி 1 செ.மீ. தூரத்தில். ஆக 1/5ம் 1/8ம் சமம். எட்டுப் போட்ட கோடு நீளமாக இருந்ததால், "இதுதான் பெருசு" என்றும் ஒரு பக்கம் சொன்னான். கோடு அழகாகத்தான் இருந்தது. பாகங்களும் சமமாகவே இருந்தன. ஒன்று மட்டும் தப்பு: அவனுடைய இரண்டு கோட்டிலும் 1 வேறு வேறு இடத்தில் நின்றது.

நான் அந்த நோட்டை அடிக்கவில்லை. "மக்கா, இந்தக் கோட்டில ஒண்ணு அஞ்சு சென்டிமீட்டர். அந்தக் கோட்டில எட்டு சென்டிமீட்டர். ஒண்ணும் ஒண்ணும் சமமா இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். பிறகு இரண்டாவது கோட்டின் 1ஐ அழித்து, முதல் கோட்டின் 1க்கு நேர் கீழே எழுதினான். எட்டுக் குறிகளும் இப்போது ஐந்து சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். நெருக்கி நெருக்கிப் போட்டுவிட்டு, "இடமே இல்ல டீச்சர்" என்றான். அந்த "இடமே இல்ல"தான் பாடம். எட்டுப் பேர் ஒரே நீளத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் ஒடுங்கித்தான் நிற்க வேண்டும்.

அதனால்தான் நோட்டில் வரைவதற்கு முன்பு ஒரே நீளமுள்ள பட்டைகளில் தொடங்கச் சொல்கிறேன். பட்டையில் 1 எங்கே என்பதைப் பிள்ளை தீர்மானிக்க முடியாது; அது விளிம்பு. நோட்டுக்கு மாறும்போது 0வையும் 1ஐயும் முதலில் எழுதிவிட்டுத்தான் நடுவில் கோடு கிழிக்க வேண்டும் என்று பழக்குங்கள். இடமிருந்து வலமாகக் குறி போட்டுக்கொண்டே போய், எங்கே முடிகிறதோ அங்கே 1 எழுதும் பழக்கம் இருந்தால் இந்தத் தப்பு திரும்பத் திரும்ப வரும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு, "பகுதி பெரிதானால் பின்னம் சிறிது" என்று மனப்பாடம் செய்ய வைத்தால் போதாதா?

போதாது. அது ஒரு தப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது.

அந்த வாக்கியம் தொகுதிகள் சமமாக இருக்கும்போது மட்டும்தான் உண்மை. 1/5ம் 1/8ம், 3/5ம் 3/8ம், இங்கெல்லாம் சரி. அதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளையிடம் 2/3 பெரிதா 7/8 பெரிதா என்று கேளுங்கள். "கீழே மூணு சின்னது, அதனால 2/3" என்று பட்டென்று வரும். பட்டையில் பார்த்தால் 2/3 நாற்பதில், 7/8 ஐம்பத்திரண்டரையில். இந்தப் பிள்ளையும் கீழே உள்ள எண்ணை மட்டுமே பார்க்கிறது. முன்பு பெரியதைத் தேடியது, இப்போது சிறியதைத் தேடுகிறது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. கொஞ்சம் சூட்டிகையான பிள்ளைகளிடம் பார்க்கிறேன். "மூணில ரெண்டு, ஒண்ணு குறையுது. எட்டில ஏழு, அதுலயும் ஒண்ணு குறையுது. அதனால சமம்." காது கொடுத்துக் கேட்டால் இது நல்ல யோசனையின் பாதி. 1ஐ எட்ட இன்னும் எவ்வளவு வேண்டும் என்று பார்க்கிறான். ஆனால் குறையும் அந்த "ஒண்ணு" எவ்வளவு நீளம் என்று பார்க்கவில்லை. மூன்றாகப் பிரித்த பட்டையில் குறைவது ஒரு 20 செ.மீ., எட்டாகப் பிரித்த பட்டையில் குறைவது ஒரு ஏழரை. 7/8 ஒன்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. இந்தப் பிள்ளைக்குப் பட்டையின் வலது ஓரத்தைக் காட்டினாலே போதும், மீதியை அவனே முடித்துக்கொள்வான்.

பரீட்சையில் பின்னம் ஒப்பிடுதலில் பாதிக்கு மேல் சரியாகப் போட்டிருக்கிறாள். அப்படியும் புரியவில்லை என்று சொல்ல முடியுமா?

முடியும். இந்தத் தப்பு மறைந்து கிடப்பதே அங்கேதான். 2/3, 7/8 என்று கேட்டால், பெரிய எண்ணைத் தேடும் பிள்ளையும் 7/8 என்று சரியாகச் சொல்லிவிடும். மார்க்கும் கிடைத்துவிடும். விடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நான் மூன்று ஜோடி கேட்பேன். முதலாவது 1/5, 1/8. இரண்டாவது 2/3, 4/9. மூன்றாவது 2/3, 7/8. மூன்றிலும் கீழே பெரிய எண் உள்ளதையே, அதாவது 1/8, 4/9, 7/8 என்று எடுத்தால் உங்கள் பிள்ளை முழு எண் விதியிலேயே இருக்கிறது. முதல் இரண்டும் சரி, மூன்றாவதில் 2/3 என்றால் மனப்பாட வாக்கியம் வேலை செய்கிறது. முதல் இரண்டும் சரி, மூன்றாவது "சமம்" என்றால் குறைவதை மட்டும் எண்ணும் வகை. மூன்றும் சரியென்றாலும் "எப்படித் தெரியும்?" என்று ஒரு தடவை கேளுங்கள். "4/9 பாதிக்கும் கீழே, 2/3 பாதிக்கு மேலே" என்று வந்தால் எனக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. 30 செ.மீ. மடிப்பு தலைக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். இரண்டு பட்டையை ஒட்டி, 0லிருந்து 2வரை நீட்டி, நடுவில் 1 எழுதி, 1/2 எங்கே என்று கேளுங்கள். பல பிள்ளைகள் 1ன் மேலேயே விரலை வைக்கும். மொத்த நீளத்தில் பாதியைக் காட்டுகிறார்கள். 1/2 என்பது அவர்களுக்கு இன்னும் "எதுவோ ஒன்றில் பாதி"யாகவே இருக்கிறது, 0க்கும் 1க்கும் நடுவில் தனக்கென்று இடமுள்ள எண்ணாகவில்லை. அப்படி வந்தால் 5/4, 3/2 எல்லாவற்றையும் இந்த நீளப் பட்டையில் விரலால் தாவி எண்ண வையுங்கள். இரண்டு மூன்று நாள் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தசமத்துக்கும் இது உதவுமா?

உதவும், அதே பட்டைதான். 0.125ல் இலக்கம் அதிகம் என்பதால் அது 0.5ஐவிடப் பெரிது என்று சொல்லும் பிள்ளையிடம் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்று ஏழரையில் விழும், மற்றது முப்பதில். 0.125ம் 1/8ம் ஒரே இடம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தமிழில் "எட்டில் ஒன்று" என்று பெரிய எண்ணை முதலில் சொல்கிறோம். இதனாலும் குழப்பம் வருமா?

எழுதும்போது வரும். "எட்டில் ஒன்று" என்று சொல்லி எழுதச் சொன்னால், காதில் விழுந்த வரிசைப்படி மேலே 8, கீழே 1 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஆகவே முதல் சில நாட்கள் கோடு கிழித்து, கீழே எட்டை எழுதிவிட்டு, பிறகு மேலே ஒன்றை எழுதச் சொல்கிறேன். பேசும் வரிசையிலேயே கை போகட்டும். பட்டையில் செய்த வேலையின் வரிசையும் அதுதான்: முதலில் எட்டாகப் பகுத்தோம், பிறகு ஒன்றை எடுத்தோம். பகுத்தது பகுதி, தொகுத்தது தொகுதி. இந்த இரண்டு சொல்லுக்குள் "பகு", "தொகு" இருப்பதைக் காட்டிய பிறகு எது மேலே எது கீழே என்று என் பிள்ளைகள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை.

குழப்பம் இந்தப் பக்கம் என்றால், உதவியும் தமிழிலேயே இருக்கிறது. வீட்டில் ஆச்சி இருந்தால் பழைய பின்னப் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/8. மாகாணி அதிலும் பாதி, 1/16. அரைக்கால் காலைவிடச் சிறிது என்று யாரும் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை, பெயரே சொல்லிவிடுகிறது. எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு வந்து, தன் பட்டையில் முப்பதில் அரை, பதினைந்தில் கால், ஏழரையில் அரைக்கால் என்று தமிழிலேயே எழுதினாள். மாகாணிக்கு ஏழரையில் பாதி வேண்டும். டேப்பைப் பிடித்து மூன்றே முக்காலைத் தேடிக்கொண்டிருந்தபோது, "டீச்சர், இந்த முக்காலும் பின்னந்தானே? சென்டிமீட்டருக்கும் ஒரு எண்கோடு இருக்கா?" என்று கேட்டாள். டேப்பில் 3க்கும் 4க்கும் நடுவே இருக்கும் பத்து மில்லிமீட்டர் இடைவெளிகளை அவளிடமே எண்ணச் சொன்னேன்.